மூல ஒலிப்பதிவுகளை ஏன் ஒப்படைக்க மாட்டேன்: ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வுக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

நேர்காணல் எடுத்து ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோரும் சினாப்சிஸ் கொடுப்பதற்கு முன் மூல ஒலிப்பதிவுகள் முழுவதையும் கடவுச்சொல் இல்லாத ஒரு பென் டிரைவில் போட்டு, பேசியவர்களின் பெயர், வயது, முகவரி, கைபேசி எண் அடங்கிய பட்டியலையும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களையும் சேர்த்து ஒரே உறையில் ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். போதாததற்கு, ஒரு நகலைத் துறையின் பொது டிரைவ் கணக்கிலும் ஏற்றச் சொல்கிறீர்கள். நான் இதைச் செய்யப் போவதில்லை. என் தரவு மேலாண்மைத் திட்டத்தை "அழிக்கும் பகுதியை நீக்கவும், இரண்டு பக்கத்துக்குள் சுருக்கவும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். நேரில் வந்து விளக்க நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே சுற்றறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் மற்ற மாணவர்களும் படிக்கட்டும்.

என் ஆய்வு நூற்பாலைகளில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கும் முறை, சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி என்று பல பேர்களில் நடந்ததும் இன்னும் மிச்சமிருப்பதும் என்ன என்பதை அவர்கள் வாயாலேயே கேட்பதுதான் வேலை. சுமார் நாற்பது பேர் பேசியிருக்கிறார்கள். சம்பளத்தில் என்ன பிடித்தார்கள், எந்த சூப்பர்வைசர் எப்படிப் பேசினார், கூட வேலை பார்த்தவளுக்கு என்ன நடந்தது, வீட்டில் யாருக்குத் தெரியாமல் எவ்வளவு பணம் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவுகளில் இருக்கிறது. பாதிப் பேர் இன்னும் அதே ஆலைகளில்தான் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டி வந்த புரோக்கர் அவர்கள் ஊர்க்காரர். ஒவ்வொருவரிடமும் பேசுவதற்கு முன் நான் சொன்னது இதுதான்: இந்தக் குரலை நானும் என் நெறியாளரும் தவிர வேறு யாரும் கையில் வைத்திருக்க மாட்டோம், பட்டம் வந்து ஓராண்டுக்குள் அழித்துவிடுவேன், நீதிமன்றம் கேட்டால் மட்டும் கொடுக்காமல் இருப்பது என் கையில் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் பேசினார்கள். இந்த வாசகங்கள் அடங்கிய ஒப்புதல் படிவத்துக்கு அனுமதி கொடுத்தது இதே பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு. களப்பணி முடிந்த பிறகு வந்த ஒரு சுற்றறிக்கை அந்த வாக்குறுதியை எப்படி மாற்ற முடியும்?

"பல்கலைக்கழகத்துக்குள்தானே இருக்கப் போகிறது" என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பல்கலைக்கழகத்துக்குள் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு படிவத்தைப் பிரிண்ட் எடுக்கப் போனபோது, பிரிவு அலுவலகத்தில் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து, "இதுல போட்டுக்கிட்டுப் போய் வெளியே ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கங்க" என்று கொடுத்தார்கள். கடையில் சொருகியதும் வேறு ஒரு மாணவரின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஊர் பெயரும் ஆள் பெயருமாக வரிசையாக எம்.பி.3 கோப்புகள் கிடந்தன. கடைக்காரர் அதைத் திறக்கவில்லை, அவருக்கு அவசரம். பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். "ஓ, அது பழசும்மா" என்றார்கள். எடுத்துக் கொடுத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதில் என்ன இருக்கிறது, யார் பொறுப்பு, எப்போது அழிக்க வேண்டும் என்று எந்தக் காகிதமும் அவரிடம் இல்லை. ஷார்ட்கட் வைரஸ் ஒட்டாத பென் டிரைவே அந்தக் கடைத் தெருவில் கிடையாது என்பது வேறு கதை.

அளவைச் சொன்னால் ஆபத்து இன்னும் தெளிவாகும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைச் சேனலில் எடுத்த WAV பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 318 எம்.பி. வரும். அறுபது மணி நேரப் பதிவென்றால் சுமார் 19 ஜி.பி. அதாவது நாற்பது பெண்களின் முழு வாக்குமூலமும் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் இடம் மிச்சத்தோடு அடங்கிவிடும். உறைக்குள் இருக்கும் பட்டியலோடு சேர்ந்தால் எந்தக் குரல் யாருடையது, அவர் எண் என்ன என்பது வரை எல்லாம் ஒரே கையில்.

நான் எழுதியிருந்த திட்டத்தை நீங்கள் முழுதாகப் படித்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் ஒரே ஒரு பதிவை எடுத்து, அது தொடங்குவது முதல் அழிவது வரை என்ன ஆகிறது என்று சொல்கிறேன். அதில் பேசியவரை P17 என்று வைத்துக்கொள்வோம்.

P17-இடம் பேசுவதற்கு நான் கைபேசியைப் பயன்படுத்தவில்லை. கைபேசியில் எடுத்தால் அது தானாகவே ஏதோ ஒரு கிளவுடுக்குப் போகிறதா என்று கடைசி வரை சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும், சில செயலிகள் கோப்புக்கு இடத்தின் பெயரையே தலைப்பாக வைத்துவிடும். தனி ரெக்கார்டர்தான். ஒப்புதல் கேட்கும் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்தேன், ஏனென்றால் அதில் அவர் தன் பெயரைச் சொல்லி "சம்மதம்" என்பார். அதை நிறுத்திவிட்டுத்தான் நேர்காணலைத் தொடங்கினேன். அதனால் நேர்காணல் கோப்பின் தொடக்கத்தில் பெயர் இல்லை. கோப்பின் பெயர் P17_01.wav, அவ்வளவுதான்.

தேதியைக் கோப்பின் பெயரில் எழுதாததற்கும் காரணம் உண்டு. ஆலை விடுதியில் வெளியே போகிறவர்கள் வார்டனிடம் சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நேர்காணல் எந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது என்று தெரிந்தால் போதும், அந்த நோட்டைப் புரட்டி அன்றைக்கு வெளியே போனது யார் யார் என்று பார்த்துவிடலாம். பெயரே தேவையில்லை. அதனால் சரியான தேதி, எந்த எண் யாருடையது என்று எழுதிய சாவிப் பட்டியலில் மட்டும் இருக்கிறது, ஆய்வேட்டில் எந்த மாதத்துக்கும் எந்த மாதத்துக்கும் இடையில் என்று மட்டும்தான் வரும்.

அன்று இரவே பதிவு மடிக்கணினியில் வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருள் கொண்டு உருவாக்கிய பூட்டிய கொள்கலனுக்குள் போகிறது. வெராகிரிப்ட் இலவசம், பல்கலைக்கழகம் பத்துப் பைசா செலவழிக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் அது 25 ஜி.பி. அளவுள்ள ஒரே கோப்பு, கடவுச்சொல் இல்லாமல் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதே கொள்கலனின் நகல் இரண்டு வெளி வன்தட்டுகளில் இருக்கிறது. ஒன்று என் அறையில், இன்னொன்று வேறு ஊரில் என் வீட்டில். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் விதிதான். மடிக்கணினி திருடு போனாலும் அறையில் தண்ணீர் புகுந்தாலும் பதிவு பிழைக்கும், திருடியவன் கையில் கிடைத்தது வெறும் குப்பை.

இங்கே ஒரு நுணுக்கம், மற்ற மாணவர்களுக்காகவும் சொல்கிறேன். வெராகிரிப்ட் தன் இயல்பான அமைப்பில், கொள்கலனுக்குள் புதிதாக எதைப் போட்டாலும் வெளிக்கோப்பின் திருத்திய தேதியை மாற்றாமல் பழையபடியே வைத்துவிடும். கோப்பின் அளவும் மாறாது. தேதியையும் அளவையும் மட்டும் ஒப்பிட்டு நகலெடுக்கும் மென்பொருள் "எதுவும் மாறவில்லை" என்று முடிவு செய்து தாண்டிப் போய்விடும். திரையில் பேக்கப் முடிந்தது என்று வரும், வன்தட்டில் இருப்பதோ போன மாதத்துக் கொள்கலன். களத்துக்குப் போகும் முன் ஒத்திகை பார்த்தபோது இது தெரிந்ததால், அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நகலுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எடுத்து ஒப்பிடுவதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். விண்டோஸில் தனி மென்பொருள்கூட வேண்டாம், இந்த ஒரு வரி போதும்:

```
certutil -hashfile D:\kural.hc SHA256
```

64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் வரும். இரண்டு வன்தட்டிலும் அதே சரம் வந்தால் இரண்டும் ஒன்றுதான். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நகல் சரியில்லை. அது போக, மாதம் ஒருமுறை வெளியூர் வன்தட்டிலிருந்து ஏதாவது ஒரு பதிவைத் திறந்து ஓட்டிப் பார்ப்பேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது.

துறையின் பொது டிரைவ் கணக்கு பேக்கப் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். கணினியோடு ஒத்திசையும் ஃபோல்டரில் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடந்துவிட்டுக் காணாமல் போகும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று உங்களாலேயே சொல்ல முடியாது. போன ஆண்டு கருத்தரங்கு அழைப்பிதழ் அனுப்பியதும் அதே கணக்கிலிருந்துதான்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதிவுகள் யாருக்கும் திறக்காமல் போய்விடுமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் திட்டத்தில் வழி எழுதியிருந்தேன். கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் நெறியாளரிடம் இருக்கும். மூன்றாவது நகல் உள்ள வன்தட்டை வேண்டுமானால் முனைவர் பட்டக் குழு உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்து வைக்கிறேன். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது, இருவரும் சேர்ந்தால் முடியும். பெயர்களையும் P எண்களையும் இணைக்கும் சாவிப் பட்டியல் வேறு கொள்கலனில், வேறு கடவுச்சொல்லோடு, பதிவுகள் இல்லாத வேறு சாதனத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரே உறையில் போடச் சொல்வது எதையெல்லாமோ, அதையெல்லாம் பிரித்து வைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிரே.

அடுத்தது எழுத்தாக்கம். டி.டி.பி. சென்டரில் கொடுத்துத் தட்டச்சு செய்வது நம் வளாகத்தில் சாதாரணமாக நடக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒலிக்கோப்பை அனுப்பிவிட்டு மறுவாரம் வேர்டு கோப்பை வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் ஹெட்போன் போட்டுக்கொண்டு நானே தட்டச்சு செய்கிறேன். முடியாதவர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ரகசியம் காக்கும் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கி, அவர் அதே கணினியில் அதே அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

இனி அடையாள நீக்கம். "பெயரை மாற்றிவிட்டால் போதுமே, எதற்கு நாலு பக்கம்" என்று என் திட்டத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. ஏன் போதாது என்பதற்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். இது யாருடைய பேச்சும் அல்ல, பல பதிவுகளில் வரும் விஷயங்களின் சாயலில் நானே கட்டி எழுதியது:

"எங்க அக்காவும் அதே மில்லுலதான் இருந்துச்சு. தீவாளிக்கு முந்துன வாரம் கார்டிங்ல அதுக்கு ரெண்டு வெரல் போச்சு. ஆஸ்பத்திரிச் செலவ என் கணக்குல புடிச்சாங்க. மாசிக்கு அங்காளம்மன் கோயிலுக்குப் போகணும்னு லீவு கேட்டதுக்கு, செல்வி சூப்பர்வைசர் அம்மா முடியாதுன்னுருச்சு."

இதில் பெயர் என்று வருவது சூப்பர்வைசர் பெயர் ஒன்றுதான். அதை மாற்றிவிட்டேன் என்று வையுங்கள். அந்த ஆலையில் வேலை பார்க்கும் யாராவது படித்தால் பேசியது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தில் விரல் போனவர் அந்த ஆண்டில் ஒருவர்தான் இருப்பார், அவருக்கு அதே ஆலையில் தங்கை ஒருத்திதான் இருப்பாள். மாசியில் எந்தக் கோயில் என்பது குடும்பத்தையும், தெரிந்தவர்களுக்குச் சாதியையும் ஊரையும் சேர்த்தே சொல்லிவிடும். பெண் சூப்பர்வைசர் இருக்கும் ஷிப்ட் எது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

சரி, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா? அழித்தால் ஆய்வுக்கு ஒன்றும் மிஞ்சாது. இங்கேதான் ஆய்வாளர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பகுதியை நான் ஆய்வேட்டில் எதற்காகப் பயன்படுத்துகிறேன்? ஒருவரின் மருத்துவச் செலவை இன்னொருவர் சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதற்காக என்றால், உறவு முக்கியம், எந்த இயந்திரம், எந்த வாரம், என்ன காயம் என்பது முக்கியமில்லை. அப்போது அது இப்படி ஆகும்:

"எங்க [நெருங்கிய உறவினர்]-ம் அதே மில்லுலதான் இருந்துச்சு. [ஒரு பண்டிகைக்கு முன்னால] மில்லுல அதுக்கு [வேலையில் காயம்]. ஆஸ்பத்திரிச் செலவ என் கணக்குல புடிச்சாங்க. [குடும்ப நிகழ்ச்சிக்கு] லீவு கேட்டதுக்கு [மேற்பார்வையாளர்] முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

வேறொரு இயலில் கார்டிங் பகுதி விபத்துகளைப் பற்றிப் பேசினால் அங்கே இயந்திரத்தை வைத்துக்கொண்டு உறவையும் சம்பளப் பிடித்தத்தையும் எடுத்துவிடுவேன், P17 என்ற எண்ணையும் போட மாட்டேன், ஏனென்றால் இரண்டு இயலையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர் இரண்டு துண்டையும் ஒட்டிவிடுவார். மாற்றியது தெரியவேண்டும் என்பதற்காகத்தான் சதுர அடைப்பு. எந்த வரியில் எதை எதாக மாற்றினேன் என்ற குறிப்பு தனிக் கோப்பில், சாவிப் பட்டியல் இருக்கும் கொள்கலனில் இருக்கிறது. தேர்வாளர் கேட்டால் அதைக் காட்டி ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடியும்.

புனைபெயர் வைப்பதிலும் நம் ஊருக்கே உரிய சிக்கல் இருக்கிறது. ஒரு பெயரிலேயே மதம் தெரியும், பல சமயம் வட்டாரமும் சாதியும் தெரியும். ஒருத்தியின் மதம் அவள் விடுதியில் நடத்தப்பட்ட விதத்தோடு தொடர்புடையது என்றால் புனைபெயரும் அந்த மதத்தைக் காட்ட வேண்டும், ஆனால் அந்த விடுதியில் அந்த மதத்தவர் இருவர் மட்டும்தான் என்றால் காட்டக் கூடாது. வட்டாரப் பேச்சும் அப்படித்தான். கொங்குப் பகுதி விடுதியில் நெல்லைப் பேச்சுப் பேசுபவர் ஒருவர்தான் என்றால் பேச்சை அப்படியே எழுதுவது பெயரை எழுதுவதற்குச் சமம். அங்கெல்லாம் நான் பொதுப் பேச்சுத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். மொழிநடை கெடுகிறது என்று வருத்தம்தான். இருந்தாலும் அதைவிட அந்தப் பெண் முக்கியம்.

குரலையே மாற்றிக் கொடுத்தால் என்ன என்று ஒரு யோசனை வந்ததாம். சுருதியை மட்டும் ஏற்றி இறக்கினால் எதிர்த்திசையில் அதே அளவு நகர்த்தி ஏறக்குறைய பழைய குரலைத் திரும்பப் பெற்றுவிடலாம். அதைத் தடுக்கும் அளவுக்குச் சிதைத்தாலும், பேசும் வேகம், அடிக்கடி வரும் சொல், சிரிப்பு இவற்றை வைத்துக் கூடத் தங்கியிருந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒலியை அடையாளமற்றதாக்க முடியும் என்று என் திட்டத்தில் நான் எழுதவே இல்லை. எழுத்தை மட்டும்தான் ஆக்க முடியும். ஒலி யாருக்கும் போகக்கூடாது, பிறகு அழிய வேண்டும்.

பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் கட்டாயம் என்று கேட்பதையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்று பட்டியல் போடும் பழக்கம் இருக்கிறது. கூத்துக் கலைஞருக்கோ கதைப்பாடல் பாடியவருக்கோ தன் பெயர் வர வேண்டும் என்ற விருப்பமும் உரிமையும் இருக்கிறது, அவர் கேட்டால் பெயர் போடாமல் விடுவதுதான் தவறு. ஆனால் அதே படிவத்தை ஆலைத் தொழிலாளிக்கும் நீட்டுகிறீர்கள். யுஜிசி விதிப்படி ஆய்வேட்டின் மென்நகல் இன்ஃபிளிப்நெட்டுக்குப் போகிறது, அங்கே சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அந்தப் பெண்ணின் பெயரையும் ஊரையும் அவள் ஆலையின் மனிதவளத் துறை ஒரு தேடலில் எடுத்துவிடும்.

ஐந்து ஆண்டு பத்திரமாகப் பூட்டி வைத்திருப்போம் என்கிறீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் நடந்ததைப் பாருங்கள். வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்டவர்களிடம் 2001 முதல் 2006 வரை எடுத்த நேர்காணல்களை, அவர்கள் சாகும்வரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியோடு கல்லூரி நூலகத்தில் வைத்திருந்தார்கள். 2011-இல் பிரிட்டிஷ் தரப்பின் கோரிக்கையின் பேரில் அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளைக் கேட்டு சம்மன் அனுப்பியது. வழக்கு மேல்முறையீடு வரை போனது, கேட்டதில் பெரும்பகுதியை நீதிமன்றம் குறைத்துவிட்டாலும் சில பதிவுகள் 2013-இல் ஒப்படைக்கப்பட்டன. அதைத் தொடர்ந்த விசாரணையில் 2014-இல் சின் ஃபெயின் கட்சித் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் கைதாகி நாலு நாள் விசாரிக்கப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் வெளியே வந்தார். அதன் பிறகு கல்லூரி, கேட்டவர்களுக்கு அவரவர் பதிவைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவர்களிடம் பணம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், நல்ல நூலகம் இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு பீரோ. இந்தியாவில் வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆய்வாளருக்கும் அவரிடம் பேசியவருக்கும் அப்படி ஒன்று கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்படி ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல முடியும், மின்னணுப் பதிவும் அதில் அடங்கும். கேட்கும்போது இருப்பதை மறைப்பது குற்றம், அதை நான் செய்ய மாட்டேன். தேவை முடிந்ததும் முன்பே அறிவித்த தேதியில் அழிப்பது குற்றம் அல்ல. அழிக்கும் பகுதியை நீக்கச் சொன்னது ஏன் என்னை இவ்வளவு உறுத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

அழிப்பது என்றால் டெலிட் பொத்தானைத் தட்டுவது அல்ல. பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. போன்றவற்றில் கோப்பின் மேல் திரும்ப எழுதினாலும் பழைய தரவு வேறு ஏதாவது மூலையில் தங்கியிருக்கலாம், ஏனென்றால் சாதனம் தேய்மானத்தைப் பங்கிடுவதற்காக ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுதும். முதலிலிருந்தே பூட்டிய கொள்கலனுக்குள் மட்டும் இருந்த பதிவுக்கு இந்தக் கவலை இல்லை, கொள்கலன்களையும் உறையிலுள்ள கடவுச்சொல்லையும் அழித்துவிட்டால் மிச்சமிருப்பதை யாரும் படிக்க முடியாது. பூட்டு இல்லாமல் இருந்தது ரெக்கார்டரின் மெமரி கார்டு ஒன்றுதான், அதை நெறியாளர் முன்னிலையில் உடைத்துவிடுவேன். அடையாளம் நீக்கிய எழுத்துப்படி மட்டும் நீங்கள் கேட்கும் ஐந்து ஆண்டுக்கும், அதற்கு மேலும் இருக்கும்.

ஆராய்ச்சிக்குத்தான் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்று சொல்லலாம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அந்த விலக்கு இருக்கிறது, நிபந்தனையோடு இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் தேவையான தரவை மட்டும், தேவைப்படும் காலத்துக்கு மட்டும், நியாயமான பாதுகாப்போடு வைத்திருக்கச் சொல்கின்றன. கைபேசி எண் எழுதிய பட்டியலும் பூட்டில்லாத பென் டிரைவும் இதில் எதற்குள் வரும்?

உங்கள் சுற்றறிக்கைக்குப் பின்னால் இருக்கும் காரணம் எனக்குத் தெரியும். எடுக்காத நேர்காணலை எடுத்ததாக எழுதிக் கொடுக்கிறார்கள் என்ற புகார் வந்திருக்கிறது. உண்மையான பிரச்சினைதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பென் டிரைவை வாங்கிப் பீரோவில் வைப்பதால் அது தீராது, உள்ளே இருப்பதை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால்தான் தீரும். தேர்வாளரோ நீங்கள் நியமிக்கும் ஒருவரோ P எண்களில் ஐந்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கட்டும். நான் மடிக்கணினியோடு வருகிறேன், நெறியாளர் அறையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டு, எழுத்துப்படியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நகல் மட்டும் வெளியே போகக்கூடாது. அதோடு ஒவ்வொரு மாதமும் புதிய பதிவுகளின் ஹாஷ் சரங்களை மட்டும் அலுவலகத்தில் பதிவு செய்து கொடுக்கலாம். அந்தச் சரத்திலிருந்து குரலையோ பெயரையோ யாரும் எடுக்க முடியாது, ஆனால் பிற்பாடு அவசரத்துக்கு ஒரு பதிவைப் புதிதாகச் செய்து உள்ளே நுழைத்தால் மாட்டிக்கொள்வார்கள். பேசியது நடிப்பா நிஜமா என்று ஹாஷ் சொல்லாது, அதற்குத்தான் காதால் கேட்கும் சோதனை.

ஆகவே நான் கேட்பது இவை. மூல ஒலிப்பதிவுகளை ஒப்படைக்கச் சொல்லும் பகுதியையும், துறை டிரைவில் ஏற்றச் சொல்லும் பகுதியையும் சுற்றறிக்கையிலிருந்து எழுத்துப்பூர்வமாக நீக்குங்கள். நெறிமுறைக் குழு அனுமதித்த ஒப்புதல் படிவத்துக்கு முரணாக எந்த மாணவரிடமும் பின்னால் எதையும் கேட்க மாட்டோம் என்று ஒரு வரி சேருங்கள். தகவலாளர் பட்டியலைக் கட்டாயமாக்காமல், பேசியவர் விரும்பினால் மட்டும் பெயர் வரும்படி மாற்றுங்கள். கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் நெறியாளரின் பூட்டிய அலமாரியில், பதிவுகளிலிருந்து தனியாக இருக்கட்டும். சரிபார்ப்புக்கு மேலே சொன்ன நேரடிக் கேட்பு முறையையும் ஹாஷ் பதிவையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது இதைவிட நல்லதைச் சொல்லுங்கள், செய்கிறேன். தரவு மேலாண்மைத் திட்டத்துக்கு இரண்டு பக்க வரம்பை எடுத்துவிட்டு, அழிக்கும் தேதியையும் அழிக்கும் முறையையும் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்கு மட்டும் உடனடியாகப் பதில் வேண்டும். ஏற்கனவே அலுவலகத்தில் சேர்ந்துவிட்ட பென் டிரைவ்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன, யாரிடமெல்லாம் போய் வந்தன என்று கணக்கெடுத்து, அந்தந்த மாணவரை வரச்சொல்லி அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள். அதுவரை அந்த இழுப்பறையைப் பூட்டுங்கள். என் சினாப்சிஸ் அடுத்த மாதம் தயாராகிவிடும். அடையாளம் நீக்கிய எழுத்துப்படிகள், ஹாஷ் பட்டியல், நெறியாளரின் சான்று மூன்றையும் வைத்துத்தான் கொடுப்பேன். அதை வாங்க மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர், சமூகவியல் துறை